10 நாளும் 15 நாளும் சேர்ந்தால் 6 நாள்

ஒரு சுற்றுச்சுவரை முருகன் தனியாகக் கட்டினால் 10 நாள் ஆகும். வேலு தனியாகக் கட்டினால் 15 நாள் ஆகும். இருவரும் சேர்ந்து கட்டினால் எத்தனை நாள்?

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், வாழ்வியல் கணிதம் என்ற இயலில், ‘நேரம் மற்றும் வேலை’ என்று வருவது இதுதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் திறனறிவுக்கு 25 கேள்விகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் இந்தக் கொத்தனார்கள் வேறு பெயரில் வந்து நிற்பார்கள். சில வருடம் சுவர் கட்டுவார்கள், சில வருடம் வயலில் நாற்று நடுவார்கள், இன்னும் சில வருடம் குழாயாக மாறித் தொட்டியை நிரப்புவார்கள். உள்ளே இருக்கும் கணக்கு எல்லாம் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்து பல வருடம் ஆனவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதலில் வாயில் வருவது 25. சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அடுத்து வருவது பன்னிரண்டரை. 10-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பதால் இது நியாயமான விடைபோலத் தோன்றும். ஆனால் முருகன் தனியாகவே 10 நாளில் முடித்துவிடுகிறாரே! துணைக்கு ஒருவர் வந்தபிறகு வேலை பன்னிரண்டரை நாளுக்கு நீள வேண்டும் என்றால், வந்தவர் கட்டிய சுவரை இடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்குப் போடுவதற்கு முன்பே விடை எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். வேலுவின் இடத்தில் இன்னொரு முருகன் வந்திருந்தால் வேலை சரிபாதி நாளில், 5 நாளில், முடிந்திருக்கும். முருகன் இடத்தில் இன்னொரு வேலு இருந்தால் ஏழரை நாள் ஆகும். நம்முடைய ஜோடி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில் இந்த ஒரு சோதனையிலேயே இரண்டு விடையாவது கழிந்துவிடும். மூன்று பேர் என்றால் மூன்றால் வகுத்துப் பாருங்கள். வேகமானவரின் நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும், மெதுவானவரின் நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விடை விழும்.

சரி, ஏன் 10-ஐயும் 15-ஐயும் கூட்டக் கூடாது? அந்த இரண்டு எண்ணும் வேலையின் அளவு அல்ல. வேலை முடியும்வரை ஆகும் காத்திருப்பு. ஆள் கூடக் கூடக் காத்திருப்பு குறைகிறது. ஆள் கூடும்போது கூடுவது எது என்று தேட வேண்டும். அது ஒரு நாளில் ஏறும் சுவர்.

சுவருக்கு 3000 செங்கல் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 நாளில் முடிப்பவர் ஒரு நாளைக்கு 300 கல் வைக்கிறார். 15 நாளில் முடிப்பவர் 200 கல் வைக்கிறார். இருவரும் நின்றால் ஒரு நாளில் 500 கல் ஏறும். 3000-ஐ 500-ஆல் வகுத்தால் 6 நாள். 5-க்கும் ஏழரைக்கும் நடுவில் இருக்கிறது, சரி.

செங்கல் 3000 என்று கேள்வியில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. நாமாக வைத்தது. 6000 என்று வைத்துப் பாருங்கள்: 600, 400, சேர்ந்து 1000, மறுபடியும் 6 நாள். சுவர் இருமடங்காகும்போது ஒவ்வொருவரும் ஒரு நாளில் வைத்ததாக நாம் கணக்கிடும் கல்லும் இருமடங்காகிறது. அதனால் விடை அசையாது. இந்தக் கணக்குகளில் வேலையின் அளவைச் சொல்லாமலே விடுவதற்குக் காரணம் இதுதான். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்று.

பாடநூல் செங்கல்லை எண்ணுவதில்லை. முழு வேலையையும் 1 என்று வைத்துக்கொள்கிறது. முருகனின் ஒரு நாள் வேலை 1/10, வேலுவின் ஒரு நாள் வேலை 1/15, கூட்டினால் 1/6, அதைத் திருப்பிப் போட்டால் 6. நாளைத் தலைகீழாக்கி ஒரு நாள் வேலையாக மாற்றுவது, கூட்டுவது, மறுபடி தலைகீழாக்கி நாளுக்குத் திரும்புவது. வழி அவ்வளவுதான். பலர் கோட்டை விடுவது கடைசிப் படியில். 1/6 வந்ததும் கூட்டி முடித்த திருப்தியில், அது ஒரு நாள் வேலை என்பதை மறந்துவிடுவார்கள்.

நம் பழைய கணக்கில் இந்தத் தலைகீழாக்கலுக்குத் தனிச் சிரமமே கிடையாது. 8 நாளில் முடிப்பவர் நாளொன்றுக்கு அரைக்கால் பங்கு செய்கிறார், 16 நாளில் முடிப்பவர் மாகாணி, 20 நாளில் முடிப்பவர் ஒரு மா, 80 நாள் எடுப்பவர் ஒரு காணி. கீழ்வாய் இலக்கம் மனப்பாடமாக இருந்த தலைமுறைக்கு அரைக்காலும் மாகாணியும் சேர்ந்தால் மூன்று மாகாணி என்பது கேட்டவுடன் தெரியும். 16-ஐ மூன்றால் வகுக்க வேண்டியதுதான் பாக்கி.

பின்னம் என்றாலே ஒதுங்குபவர்களுக்காகப் பயிற்சி மையங்களில் ‘எல்.சி.எம். முறை’ என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 10, 15 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 30. மொத்த வேலை 30 யூனிட் என்று வை, முருகன் நாளுக்கு 3, வேலு நாளுக்கு 2, சேர்ந்து 5, முப்பதை ஐந்தால் வகு, விடை 6. குறுக்கு வழி என்று இதைச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. செங்கல் 3000 என்று நாம் வைத்ததும் இதே வழிதான். 30 என்று வைத்தால் மீதி வராமல் வகுபடும் என்பது மட்டும்தான் வசதி. 7 என்று வைத்தாலும் விடை அதே 6-தான் வரும், நடுவில் பின்னம் வந்து தொல்லை கொடுக்கும், அவ்வளவே. இது தெரியாத மாணவர்கள், எல்.சி.எம். எடுக்கத் தவறினால் விடையே தப்பாகிவிடும் என்று பயப்படுகிறார்கள்.

அந்த 30-ஐ வேலையாகப் பார்க்காமல் நாளாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இருவரையும் 30 நாளுக்கு விடுங்கள். முருகன் அப்படிப்பட்ட 3 சுவர் கட்டியிருப்பார், வேலு 2 சுவர் கட்டியிருப்பார். ஆக 30 நாளில் 5 சுவர், ஒரு சுவருக்கு 6 நாள். பின்னமும் இல்லை, யூனிட்டும் இல்லை. வேலை முடிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், அடுத்த சுவரைத் தொடங்கிவிடச் சொல்கிறோம்.

இந்தப் பார்வை மிகப் பழையது. ‘கணிதத்தின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற சீன நூல் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அதில் ஒரு குளத்துக்கு ஐந்து வாய்க்கால்கள். முதல் வாய்க்காலை மட்டும் திறந்தால் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் குளம் நிரம்பும். மற்றவற்றைத் தனித்தனியே திறந்தால் முறையே 1 நாள், இரண்டரை நாள், 3 நாள், 5 நாள். ஐந்தையும் 15 நாள் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலாவது 45 தடவை குளத்தை நிரப்பியிருக்கும், இரண்டாவது 15, மூன்றாவது 6, நான்காவது 5, ஐந்தாவது 3. மொத்தம் 15 நாளில் 74 குளம். ஆக ஒரு குளம் நிரம்ப ஒரு நாளில் 74-ல் 15 பங்கு. அந்த நூல் தரும் விடையும் அதுவே.

நம் நாட்டில் 1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. நான்கு ஊற்றுகள் ஒரு குளத்தைத் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு பங்கு நாள், ஆறில் ஒரு பங்கு நாளில் நிரப்பும். நான்கையும் ஒன்றாகத் திறந்தால்? எண்களை அவர் எவ்வளவு நயமாகத் தேர்ந்திருக்கிறார் பாருங்கள். ஒரு நாளைக்கு முதல் ஊற்று 1 குளம், இரண்டாவது 2, மூன்றாவது 3, நான்காவது 6. கூட்டினால் 12 குளம். ஆகவே ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். நாளுக்கு 60 நாழிகை என்றால் 5 நாழிகை, நம் கணக்கில் 2 மணி நேரம்.

குளத்திலிருந்து மொட்டை மாடிக்கு ஏறுவோம். 1200 லிட்டர் தொட்டி ஒன்று. போர் மோட்டார் மட்டும் ஓடினால் 40 நிமிடத்தில் நிரம்பும், அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர். கீழே சம்ப்பிலிருந்து ஏற்றும் மோட்டார் மட்டும் ஓடினால் 60 நிமிடம், நிமிடத்துக்கு 20 லிட்டர். இரண்டும் ஓடினால் நிமிடத்துக்கு 50 லிட்டர், 24 நிமிடத்தில் தொட்டி வழியும். 20-க்கும் 30-க்கும் நடுவில் விடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் கணக்கில் இல்லாத ஒன்று இங்கே நுழைகிறது. வீட்டுக்குள் இறங்கும் குழாய். அது மட்டும் திறந்திருந்தால் நிறைந்த தொட்டியை 120 நிமிடத்தில் காலி செய்யும் என்றால், நிமிடத்துக்கு 10 லிட்டர் வெளியே போகிறது. இதைக் கழிக்க வேண்டும். 30 உள்ளே, 20 உள்ளே, 10 வெளியே, மிச்சம் 40. 1200-ஐ 40-ஆல் வகுத்தால் 30 நிமிடம். கட்டிய சுவரை இடிக்கும் ஆள் என்று மேலே வேடிக்கையாகச் சொன்னவர் குழாய்க் கணக்கில் நிஜமாகவே இருக்கிறார். அதனால் நடுவில் விழும் சோதனை இங்கே செல்லாது. வெளியேறும் குழாய் இருந்தால், உள்ளே வரும் வேகம் அதைவிட அதிகமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதிகம் இல்லையென்றால் தொட்டி நிரம்பவே நிரம்பாது. சில தேர்வுகளில் அதையே விடையாக வைப்பார்கள்.

கழித்தல் வந்தபிறகு கணக்கு வீட்டுக்கும் பயன்படத் தொடங்குகிறது. வீட்டுக் குழாய்கள் எல்லாம் அடைத்திருக்கின்றன, போர் மோட்டார் மட்டும் ஓடுகிறது, 40 நிமிடத்தில் நிரம்ப வேண்டிய தொட்டி இப்போது 48 நிமிடம் எடுக்கிறது. எங்கோ கசிகிறது. எவ்வளவு? 1200-ஐ 48-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 25 லிட்டர்தான் தொட்டியில் தங்குகிறது. மோட்டார் தருவது 30. ஆக 5 லிட்டர் ஒழுகுகிறது. இந்தக் கசிவு மட்டும் நிறைந்த தொட்டியை 240 நிமிடத்தில், 4 மணி நேரத்தில், காலி செய்துவிடும். 8 நிமிடத் தாமதம்தானே என்று விட்டால் இவ்வளவு.

தேர்வுத் தாளில் இதோடு முடிந்தது. ஆனால் விரிசல் எங்கே என்று கேள்வி ஒருபோதும் சொல்வதில்லை. தொட்டியின் அடியில் என்று அது எடுத்துக்கொள்கிறது. விரிசல் பாதி உயரத்தில் இருந்தால்? தண்ணீர் பாதி ஏறும்வரை கசிவே இல்லை. முதல் 600 லிட்டர் நிமிடத்துக்கு 30 வீதம் 20 நிமிடத்தில் ஏறிவிடும். அதற்குமேல் அதே 5 லிட்டர் ஒழுகுவதாக வைத்தால் 25 வீதம் 24 நிமிடம். மொத்தம் 44 நிமிடம். தாமதம் பாதியாகக் குறைந்துவிட்டது, கசிவு அதேதான். விரிசலின் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, மோட்டாரை நிறுத்தி எல்லா வால்வையும் மூடிவிட்டு இரவெல்லாம் விடுவது. காலையில் தண்ணீர் எந்த மட்டத்தில் இறங்காமல் நிற்கிறதோ, விரிசல் அங்கே இருக்கிறது.

இனி, தேர்வு எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ஒரு குழாய் தொட்டியை 6 நிமிடத்தில் நிரப்பும், இன்னொன்று 10 நிமிடத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒன்றாகத் திறக்காமல் ஒரு நிமிடம் இது, அடுத்த நிமிடம் அது என்று மாற்றி மாற்றித் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்? தொட்டியை 30 பங்கு என்று வைப்போம். முதல் நிமிடம் 5 பங்கு ஏறும், இரண்டாம் நிமிடம் 3 பங்கு இறங்கும். இரண்டு நிமிடத்துக்கு 2 பங்கு மிச்சம். அப்படியானால் 30 பங்குக்கு 30 நிமிடம் என்று பலரும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

பொங்கல் விழாவில் வழுக்கு மரம் ஏறுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஏறி ஏறி இறங்குவார். ஆனால் உச்சியில் இருக்கும் பரிசுப் பணத்தைத் தொட்டுவிட்டால், அதற்குப்பின் சறுக்கினாலும் கவலை இல்லை. தொட்டியும் அப்படியே. 26 நிமிடம் முடியும்போது 13 சுற்று ஆகியிருக்கும், 26 பங்கு சேர்ந்திருக்கும். 27-ஆவது நிமிடத்தில் மறுபடி நிரப்பும் குழாய். இன்னும் வேண்டியது 4 பங்கு, அது தருவதோ நிமிடத்துக்கு 5. ஆக ஒரு நிமிடத்தில் ஐந்தில் நான்கு பங்கு, 48 விநாடி. தொட்டி 26 நிமிடம் 48 விநாடியிலேயே விளிம்பைத் தொட்டுவிட்டது. 30 நிமிடம் என்று காத்திருந்தவர் வீட்டில் தண்ணீர் வழிந்து தெருவுக்கு வந்திருக்கும்.

ஆட்கள் நாள் மாற்றி நாள் வந்தாலும் இதே கவனம் வேண்டும். 8 நாளில் முடிப்பவர் ஒருவர், 12 நாளில் முடிப்பவர் ஒருவர், தினம் ஒருவராக வருகிறார்கள். வேலை 24 பங்கு என்றால் ஒருவர் நாளுக்கு 3, மற்றவர் 2. இரண்டு நாளுக்கு 5 பங்கு. நேராக வகுத்தால் 9.6 நாள் வரும். அது தவறு, யார் தொடங்கினாலும் தவறு. 8 நாளில் 20 பங்கு முடிந்து 4 பங்கு மிச்சம் இருக்கும். வேகமானவர் தொடங்கியிருந்தால் 9-ஆம் நாள் அவர் 3 முடிப்பார், 10-ஆம் நாள் மற்றவருக்கு மிஞ்சுவது 1 பங்கு, அரை நாள் வேலை. ஆக ஒன்பதரை நாள். மெதுவானவர் தொடங்கியிருந்தால் 9-ஆம் நாள் 2 பங்கு, 10-ஆம் நாள் வேகமானவருக்கு 2 பங்கு, அவருக்கு அது மூன்றில் இரண்டு நாள். ஆக 9⅔ நாள். முழுச் சுற்றுகளை எண்ணிவிட்டு, மிச்சத்தை நாள் நாளாக நடந்து பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. சூத்திரம் தேடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூலிக் கணக்கும் இதே குடும்பம். முருகனும் வேலுவும் 6 நாளில் முடித்த சுவருக்கு 9000 ரூபாய் என்றால் எப்படிப் பிரிப்பது? இருவரும் 6 நாள் நின்றார்கள், ஆளுக்கு 4500 என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடையாது. வேலை 3-க்கு 2 என்ற விகிதத்தில் நடந்திருப்பதால் முருகனுக்கு 5400, வேலுவுக்கு 3600 என்பது புத்தகத்தின் விடை. வேலையை மொத்தமாகப் பேசி எடுத்தால் அது சரி. நம் ஊர்க் கட்டட வேலையில் பெரும்பாலும் இருப்பது நாள் கூலி. அங்கே கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி, கொத்தனார்களுக்குள் கல்லை எண்ணிக் காசு கொடுப்பவர் யாரும் இல்லை.

பயிற்சிப் புத்தகங்களில் பல வருடமாகப் பதிப்புக்குப் பதிப்பு வந்துகொண்டிருக்கும் ஒரு கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். 4 ஆண்களும் 6 பெண்களும் ஒரு வேலையை 8 நாளில் முடிப்பார்கள். 3 ஆண்களும் 7 பெண்களும் அதையே 10 நாளில் முடிப்பார்கள். 10 பெண்கள் மட்டும் செய்தால் எத்தனை நாள்? விடை 40. ஆயிரக்கணக்கானவர்கள் இதைச் சரியாகப் போட்டு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

ஒரு நாள் வேலையாக மாற்றி நிதானமாகப் போட்டுப் பாருங்கள். முதல் வரியின்படி மொத்த வேலை என்பது 32 ஆண்களின் ஒரு நாள் வேலையும் 48 பெண்களின் ஒரு நாள் வேலையும். இரண்டாம் வரியின்படி அதே வேலை 30 ஆண்கள், 70 பெண்கள். இரண்டும் ஒன்று என்றால், 2 ஆண்கள் செய்யும் வேலை 22 பெண்கள் செய்யும் வேலைக்குச் சமம். அதாவது ஓர் ஆண் 11 பெண்களுக்குச் சமம்! நாற்று நடும் வயலிலோ நூறு நாள் வேலைத் தளத்திலோ பீடி சுற்றும் திண்ணையிலோ இப்படி யாராவது பார்த்ததுண்டா? கணக்கு எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். விடை முழு எண்ணாக வர வேண்டும் என்று பார்த்தவர், அதற்காக வைத்த எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கவில்லை. சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடையை எடுப்பவருக்கும் அது கண்ணில் படாது. ஒவ்வொருவரின் ஒரு நாள் வேலையைத் தனியாக எடுத்து எழுதுபவருக்கு மட்டும்தான் அந்த 11 தெரியும். ஆண், பெண் என்பதற்குப் பதில் பெரிய இயந்திரம், சிறிய இயந்திரம் என்று போட்டுவிட்டால் கணக்கு கெடாது. பதிப்பாளர்கள் மாற்றலாம்.

இதுவரை போட்ட எல்லாக் கணக்கும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. முதல் நாள் வேகமும் கடைசி நாள் வேகமும் ஒன்று என்ற நம்பிக்கை. ஆட்களைப் பொறுத்தவரை அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சுவரில் ஒருவர் 10 நாள் வேலை செய்தால், 10 பேர் ஒரே நாளில் முடிக்க முடியாது. கலவை வரக் காத்திருப்பார்கள், ஒருவர் கையை ஒருவர் இடிப்பார்கள், கீழ் வரிசை இறுகாமல் மேல் வரிசையை ஏற்ற முடியாது. ஆனால் குழாய்க்கு அலுப்பு கிடையாதே, அதன் வேகம் மாறாது என்றுதான் நினைப்போம்.

உள்ளே வரும் குழாய்க்கு அது ஏறக்குறைய உண்மை. தொட்டியின் மேல்விளிம்பில் மோட்டார் கொட்டுகிறது, உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அடியில் இருக்கும் துளைக்கு அப்படி இல்லை. மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அதை வெளியே தள்ளுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த டாரிசெல்லி இதன் விதியைச் சொன்னார். தண்ணீர் வெளியேறும் வேகம், துளைக்கு மேலே உள்ள நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மட்டம் கால்வாசியாகக் குறைந்தால் வேகம் பாதியாகிவிடும்.

1200 லிட்டர் தொட்டியை நிறைத்து வைத்து, அடியில் உள்ள கழுவும் வால்வைத் திறந்து 10 லிட்டர் வாளி ஒன்றைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் வாளி நிரம்பினால், புத்தகக் கணக்குப்படி தொட்டி 120 நிமிடத்தில் காலியாக வேண்டும். ஆகாது. பாதித் தொட்டி இறங்கவே 70 நிமிடம் போய்விடும். மீதிப் பாதி 170 நிமிடம் எடுக்கும். மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் மெலிந்துகொண்டே வரும். பக்கம் நேராக உள்ள தொட்டி, அடியில் துளை என்றால், டாரிசெல்லி விதிப்படி மொத்த நேரம் புத்தகக் கணக்கைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. தொட்டி சிறியதா பெரியதா, துளை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இந்த இரண்டை மாற்றுவதில்லை.

அப்படியானால் வீட்டுக் குழாய் நிமிடத்துக்கு ஒரே சீராக 10 லிட்டர் தரும் என்று நாம் போட்டதும் தவறா? அவ்வளவாக இல்லை. கீழ்வீட்டுக் குளியலறைக் குழாய் தொட்டியின் அடியிலிருந்து 3 மீட்டர் கீழே இருக்கிறது, தொட்டியின் உயரம் 1 மீட்டர் என்று வையுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது குழாய்க்கு மேல் 4 மீட்டர் தண்ணீர் மட்டம், காலியாகும்போதும் 3 மீட்டர் மிச்சம். வேகம் குறைவது ஏழில் ஒரு பங்கு அளவுக்கே. மாடியில் தவறாகும் பாடநூல் கணக்கு கீழ்வீட்டில் கிட்டத்தட்டச் சரியாகிறது.

எனவே தொட்டி கழுவ ஆள் வரச் சொல்பவர்கள், வாளி கணக்கில் வரும் நேரத்தை இரண்டால் பெருக்கி, அத்தனை மணி நேரம் முன்னதாகவே வால்வைத் திறந்துவிடுங்கள். தேர்வு எழுதுபவர்கள் பெருக்க வேண்டாம்; அங்கே விடை 120 நிமிடம்தான்.